அடுத்த வாரம் அக்கா

அந்த அரசுப் பள்ளியில் படித்த யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். தலைமை ஆசிரியர் பெயர் மறந்திருக்கும். ஒன்பதாம் வகுப்பில் படித்த பாடம் மொத்தமும் மறந்திருக்கும். ஆனால் "அடுத்த வாரம் அக்கா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் மறக்காமல் கேட்பார்கள். பட்டப்பெயர் என்றால் அப்படி ஒட்டிக்கொள்ள வேண்டும்!

அக்கா அங்கே ஆய்வக உதவியாளர். இருபத்து மூன்று வருடமாக சோதனைக் குழாய் கழுவி, அமிலத்தைத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகக் கலந்து, புட்டிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டி, அந்த எழுத்தை அமிலப் புகை தின்றுவிடாமல் மேலே மெழுகு தடவி, அந்த அறையைக் கட்டிக் காத்துவந்தவர். ஸ்பிரிட் விளக்குக்குத் திரி இல்லையா? பழைய பருத்தி நூலை முறுக்கித் திரி போடுவார். சோதனைக் குழாயைப் பிடிக்க இடுக்கி இல்லையா? காகிதத்தை நாலாக மடித்து இடுக்கி ஆக்குவார். ப்யூரெட்டின் குழாய்த் திருகு ஒழுகுகிறதா? கொஞ்சம் வாசலின். எதையும் "இல்லை" என்று சொல்லத் தெரியாத கை அது. அதுவே பின்னால் பெரிய வம்பாகப் போகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

வேலை செய்யும் நுண்ணோக்கி பள்ளியில் ஒன்றே ஒன்று. வகுப்பில் ஐம்பத்தாறு பிள்ளைகள். பாடவேளை நாற்பது நிமிடம். வெங்காயத் தோலை உரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பிடித்து அக்கா தயாராக வைப்பதற்கே பத்து நிமிடம் ஓடிவிடும். பிறகு வரிசை. ஒவ்வொருவரும் ஒரு கண்ணை மூடத் தெரியாமல் இரண்டையும் மூடிக்கொண்டு, "அக்கா, ஒண்ணும் தெரியலக்கா!" என்று கத்தி, குனிந்து நிமிர்வதற்கு இரண்டு நிமிடம். பதினைந்து பேர் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். மீதிப் பிள்ளைகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். அக்கா கையைத் தட்டிச் சொல்வார்:

"மணி அடிச்சாச்சு கண்ணுங்களா! மீதிப் பேரெல்லாம் அடுத்த வாரம்!"

அடுத்த வாரம் வேறு பாடம் வந்துவிடும். அந்த அடுத்த வாரம் யாருக்குமே வந்ததில்லை.

அவருடைய சொந்த மகளுக்கே வரவில்லை. அவளும் அதே பள்ளியில்தான் படித்தாள். அக்கா அவளைப் பிடித்து வரிசையின் கடைசியில் நிறுத்தினார். இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று விரல் நுனியில் வைத்திருப்பவள் அம்மாவை மட்டும் சும்மா விடுவாளா? வீட்டில் எதற்காவது அம்மா நாள் சொன்னால் போதும், "உன் அடுத்த வாரத்த எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வருஷம் லேட்டும்மா!" என்று வாரிவிடுவாள். அக்காவும் சிரிப்பார். சிரித்துவிட்டு அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை டங்கென்று வைப்பார்.

இந்த நிலையில்தான் பள்ளிக்கு ஓர் உயிரியல் ஆசிரியை வந்து சேர்ந்தார். சின்ன வயது, துறுதுறுப்பு. வந்த மூன்றாம் மாதம் ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் ஓடி வந்தார். அரசுப் பள்ளிகளின் அறிவியல் ஆய்வகங்களைச் சீரமைக்க நிதி தருகிறார்களாம். திட்ட முன்மொழிவு எழுதி அனுப்ப வேண்டும்.

"அக்கா, இத மட்டும் புடிச்சிட்டோம்னா நம்ம லேப் எங்கயோ போயிடும்!"

"எங்கயும் போக வேணாம் டீச்சர். இங்கயே இருக்கட்டும். கழுவுற தொட்டியில தண்ணி போனாப் போதும்."

டீச்சர் பதினைந்து நாள் உட்கார்ந்து எழுதினார். பள்ளியின் பின்னணி, தேவை, நோக்கம், என்னென்ன வாங்கப் போகிறோம், மூன்று கடைகளிலிருந்து விலைப்புள்ளி, எந்த மாதம் எந்த வேலை, எத்தனை மாணவர்களுக்குப் பயன் என்று பக்கம் பக்கமாக. பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டு, கல்வி அலுவலகத்துக்கு நான்கு தடவை அலைந்து தடையில்லாச் சான்று வாங்கி இணைத்தார். தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்டார். எல்லாம் சரிதான். ஆனால் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'தற்போது எத்தனை மாணவர்கள் தம் கையால் சோதனை செய்கிறார்கள்?' அதற்கு டீச்சர் 'மிகச் சிலர்' என்று எழுதியிருந்தார். அவர்தான் என்ன செய்வார், வந்தே மூன்று மாதம்.

அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை. ஒரு தடவை நிராகரிக்கப்பட்ட பள்ளி மூன்று ஆண்டுகளுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. டீச்சர் அதை வாசித்தபோது அக்கா மனதுக்குள் விரல்விட்டுப் பார்த்தார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். இந்தத் தடவை கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் அந்த அறையில் ஒரு வகுப்பு முழுக்கப் பார்த்துவிட்டுப் போவதைத் தன் கண்ணால் காணாமலேயே அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இருபத்து மூன்று வருடம் சொன்ன அடுத்த வாரம் பொய்யாகவே முடிந்துபோகும். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முதல் சுற்றில் தேர்வாகிவிட்டது! 'வரும் வெள்ளிக்கிழமை கள ஆய்வுக்கு எங்கள் திட்ட அதிகாரி வருவார்.' நம் கெட்ட நேரம், அந்த வாரம் டீச்சருக்கு வெளியூரில் பயிற்சி. வெள்ளிக்கிழமை காலைதான் திரும்புவார். கடிதத்தைப் படித்த தலைமை ஆசிரியர் கண்ணில் பட்டது 'ஆய்வு' என்ற ஒரே சொல்தான்.

பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. முப்பது வருட சர்வீஸில் ஆய்வு என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: வருகிறவர் கண்ணில் ஒரு குறையும் படக் கூடாது. உடனே மரத்தைச் சுற்றியிருந்த கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். ஆய்வகத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, பாத்துக்கறியா?"

"அட, நீங்க போங்க சார். கண்ணாடி மாதிரி ஆக்கிடறேன்."

ஆக்கிக் காட்டினார், சாமி! சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆய்வக உதவியாளர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பள்ளியில் ஆய்வு என்றால் மற்றப் பள்ளிகள் தங்கள் பொருட்களைக் கொடுத்துதவும். ஆய்வு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அக்காவின் நுண்ணோக்கி இப்படிப் போய் வராத பள்ளியே கிடையாது. இப்போது அக்கா வாங்கிக்கொள்ளும் முறை. அக்காவின் கணவர் சிறிய சரக்கு வண்டி ஓட்டுகிறவர். வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவையும் ஏற்றிக்கொண்டு மூன்று பள்ளிகளுக்குப் போய், பன்னிரண்டு நுண்ணோக்கிகளை மெத்தை விரித்த வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்.

"பொண்ணு பொறந்தப்பக்கூட இவ்ளோ மெதுவா ஓட்டலடி நான்."

"ஓட்டலன்னா இப்ப ஓட்டுங்க. ஒண்ணு ஒடஞ்சுது, நம்ம வீட்டையே எழுதிக் கொடுக்கணும்."

ஒழுகும் ப்யூரெட்டுகள், விளிம்பு உடைந்த குழாய்கள், லென்சில் பூஞ்சை படர்ந்து செத்துப்போன ஐந்து நுண்ணோக்கிகள், கால் ஒடிந்த முக்காலிகள் எல்லாம் பின்னால் இருந்த சரக்கறைக்குள் போயின. பூட்டு விழுந்தது. சாவி இடுப்பில். அடைத்துக்கொண்ட தொட்டியின் மேல் பலகை போட்டு, பலகை மேல் ஒரு பூந்தொட்டி வைத்தார். அந்தச் சரக்கறையின் அடித்தட்டில் இன்னொன்றும் ஒளிந்தது. ஒன்பது பழைய நோட்டுகள். அவை யார் கண்ணிலும் படக் கூடாது என்று அக்காவுக்குத் தோன்றியது. அவற்றைப் பார்த்தால் பள்ளிக்குத்தானே தலைகுனிவு?

வெள்ளிக்கிழமை காலை பேருந்தை விட்டு இறங்கி நேராக ஆய்வகத்துக்கு ஓடி வந்த டீச்சர் வாசலிலேயே அப்படியே நின்றுவிட்டார். மேசை முழுக்கப் பளபளவென்று பதின்மூன்று நுண்ணோக்கிகள். மூலையில் பூ பூத்துக் குலுங்குகிறது.

"அக்கா... என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"எப்படி? ஜோரா இருக்குல்ல?"

"ஐயோ, அவங்க வர்றதே நம்மகிட்ட என்ன இல்லன்னு பாக்கத்தானே! எல்லாம் இருக்குன்னா எதுக்குப் பணம் குடுப்பாங்க?"

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே தொங்கிப்போனது. இருபத்து மூன்று வருடத்தில் எத்தனையோ ஆய்வு பார்த்தவர், இல்லாததைக் காட்டச் சொல்லி ஒருவர் வருவார் என்று கனவிலாவது நினைத்திருப்பாரா? வண்டியைக் கூப்பிடலாமா, துணியைப் போட்டு மூடலாமா என்று இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் தலைமை ஆசிரியரின் குரல் கேட்டது.

"வாங்க மேடம், வாங்க! இதுதான் எங்க லேப்!"

அறக்கட்டளையின் திட்ட அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. கழுத்தில் கண்ணாடி தொங்கியது, கையில் ஒரு கோப்பு. உள்ளே வந்து நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்.

"சார், இந்த லேபுல உங்களுக்கு என்னென்ன குறை?"

முப்பது வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. "குறை ஒண்ணுமே இல்லைங்க மேடம்!" என்று தலைமை ஆசிரியர் கம்பீரமாகச் சொன்னார். டீச்சர் அவர் காலை மிதித்தார். "அதாவது... பெருசா இல்ல... சின்னதா..." என்று இழுத்தார். டீச்சர் இன்னொரு தடவை மிதித்தார். அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "வேலை செய்யறது ஒரு நுண்ணோக்கிதான்னு எழுதியிருக்கீங்க. இங்க பதிமூணு இருக்கே?"

டீச்சர் தரையைப் பார்த்தார். அதிகாரி கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. நல்ல மனதோடு சொன்னார்: "பரவாயில்ல. யாராவது தானமாக் குடுத்திருப்பாங்க. உண்மையச் சொன்னா இவ்வளவு சுத்தமான லேப நான் பாத்ததே இல்ல. எனக்குச் சந்தோஷம்தான். நிதியை இல்லாத பள்ளிக்குக் குடுத்துடலாம்." சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

அந்த மூடி 'டிக்' என்று விழுந்த சத்தம் அக்காவின் நெஞ்சில் விழுந்தது. மூன்று வருடம். ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம். இரண்டும் தலைக்குள் கிறுகிறுவென்று சுற்றின. கை தானாக ஒரு நுண்ணோக்கியைத் தூக்கியது.

"மேடம், இது எங்களுது இல்ல."

"என்னது?"

"அடியில பாருங்க. பெயிண்ட்ல பேர் எழுதியிருக்கும். இது அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துது. இந்த நாலும் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற பள்ளிக்கூடத்துது. நேத்து சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் வண்டியில கொண்டு வந்தேன். இந்த ஒண்ணு மட்டுந்தான் எங்களுது."

அதிகாரி ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "அப்போ எனக்குக் காட்டினது பொய்யா?"

"பொய்தாங்க மேடம். டீச்சருக்கு எதுவும் தெரியாது, இன்னிக்குக் காலையிலதான் வந்தாங்க. சாருக்குப் பாதிதான் தெரியும்."

"பாதிகூடத் தெரியாதுங்க!" என்று தலைமை ஆசிரியர் பதறினார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "பாதி தெரியும்" என்றார்.

அதிகாரியின் உதட்டோரம் ஏதோ துடித்தது. ஆனாலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார்: "இல்லாததை இருக்குன்னு காட்டினீங்க. இப்ப இல்லன்னு சொல்றீங்க. நான் எதை நம்பறது?"

அக்கா இடுப்பிலிருந்த சாவியை எடுத்துச் சரக்கறையைத் திறந்தார். அவசரத்தில் அடைத்த அடைப்பு அல்லவா? முக்காலி ஒன்று முதலில் உருண்டு வந்தது. அதன் பின்னால் ஒரு டப்பா, ஒரு ரப்பர் குழாய், இன்னொரு முக்காலி. அறையின் உண்மை எல்லாம் கதவு வழியாக வெளியே கொட்டியது. அதற்குள் கையைவிட்டு அக்கா ஒன்பது நோட்டுகளையும் எடுத்து வந்து, முந்தானையால் தூசி தட்டி மேசை மேல் வைத்தார். இதற்கு மேல் போக மானம் எதுவும் மிச்சமில்லை என்று ஆகிவிட்டால் ஒரு தைரியம் வரும் பாருங்கள், அந்தத் தைரியம்.

அதிகாரி ஒரு நோட்டைத் திறந்தார். தேதி. வகுப்பு. என்ன சோதனை. பார்த்தவர்கள் பதினாலு. பிறகு 'மீதி' என்று ஒரு சொல், அதன் கீழே பெயர்கள். முப்பது, நாற்பது பெயர்கள், வரிசையாக, பென்சிலில். அடுத்த பக்கமும் அப்படியே. அடுத்த பக்கமும்.

"இது எதுக்காக எழுதினீங்க?"

"வரிசையில சண்ட வரும் மேடம். மீதிப் பேர் யார் யாருன்னு எழுதி வச்சா, அடுத்த வாரம் அவங்கள முன்னாடி நிறுத்தலாம்னுதான்."

"நிறுத்தினீங்களா?"

"அடுத்த வாரம் அடுத்த பாடம் வந்துடுங்க மேடம்." அக்கா ஒரு நோட்டின் மடங்கிய ஓரத்தை நீவிவிட்டார். "ஆனா எழுதறத மட்டும் விடல. எழுதாம விட்டா மறந்துடுவோமோன்னு பயம்."

அதிகாரி முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்கு ஒரு கால் குட்டை, ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் அதைக் கவனிக்கவேயில்லை. அரை மணி நேரம் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தார். தலைமை ஆசிரியர் கொண்டுவரச் சொன்ன டீ வந்து ஆறி ஏடு படிந்துவிட்டது. கடைசியில் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார்.

"'மிகச் சிலர்'னு எழுதியிருக்கீங்களே, இவ்வளவையும் பக்கத்துல வச்சுக்கிட்டு? தொடக்க நிலை என்னன்னு எண்ணிக்கையோட சொல்லுங்கன்னு நாங்க ஒவ்வொரு பள்ளிகிட்டயும் கெஞ்சறோம். யார்கிட்டயும் இருக்காது. எல்லாரும் சுமாரா ஒரு எண்ணை எழுதி அனுப்புவாங்க. உங்ககிட்ட பேரோட இருக்கு!"

"எனக்கே இப்பதான் தெரியும் மேடம்" என்றார் டீச்சர். குரல் கீச்சென்று வந்தது.

"கடன் வாங்கிக் காட்டினத நான் என் அறிக்கையில எழுதத்தான் போறேன். மறைக்க மாட்டேன். நீங்களே சொன்னீங்கன்னும் எழுதுவேன். முடிவு குழு கையில. முன்மொழிவத் திருத்தி பத்து நாளைக்குள்ள அனுப்புங்க." எழுந்தவர் பூந்தொட்டி வைத்த பலகையைத் தூக்கித் தொட்டியைப் பார்த்தார். "இதையும் சேத்து எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி கேட்டைத் தாண்டியதும் தலைமை ஆசிரியர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். "முப்பது வருஷத்துல ஒருத்தர்கூட என்கிட்ட குறை என்னன்னு கேட்டதில்லம்மா. திடீர்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

அடுத்த பத்து நாள் பள்ளி விட்ட பிறகு அந்த அறையில் நடந்த அமர்க்களத்தைச் சொல்லி மாளாது. டீச்சர் நோட்டைப் பார்த்து எண்ணிக்கையை வாசிப்பார், அக்கா கோடு போடுவார், அஞ்சு கோட்டுக்கு ஒரு கட்டு. தலைமை ஆசிரியர் கூட்டிச் சரிபார்ப்பார், ஒவ்வொரு தடவையும் வேறு விடை வரும். விடுமுறை நாளில் மகளையும் இழுத்துவந்தார்கள். அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கூட்டல் உருப்பட்டது. நூற்றுக்கு இருபத்தேழு பேர்தான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். எழுபத்து மூன்று பேர் அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தே பள்ளியை விட்டுப் போயிருக்கிறார்கள்.

வாங்கும் பொருட்களின் பட்டியலிலும் அக்கா கைவைத்தார். டீச்சர் பெரிய திரையும், படம் காட்டும் கருவியும் போட்டிருந்தார்.

"இது எதுக்கு டீச்சர்?"

"ஒரே நேரத்துல எல்லாரும் பாக்கலாம்க்கா."

"அத வீட்ல டிவியிலயே பாத்துக்குவாங்களே. புள்ள தன் கையால திருகணும். மங்கலா இருந்தது தெளிவாகுது பாருங்க, அப்ப ஒரு 'ஆ' போடும் பாருங்க. அதுக்குத்தான் லேப்."

திரை போனது. நாலு பேருக்கு ஒன்று என்று, ஐம்பத்தாறு பிள்ளைகளுக்குப் பதினான்கு நுண்ணோக்கி ஆனது. அதற்கு முன்னால் தொட்டிக்குப் புதுக் குழாய், புகை வெளியேற விசிறி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தீயணைப்பான். லென்சில் பூஞ்சை படராமல் வைக்க, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடிய அலமாரி. 'நிதி முடிந்த பிறகு பராமரிப்பது யார், எப்படி?' என்ற கேள்விக்கு அக்கா சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். எந்த வாரம் எதைத் துடைப்பது, எதை எண்ணெய் போட்டு வைப்பது என்று இரண்டு பக்கம் வந்தது. வெற்றியை எப்படி அளப்பீர்கள் என்பதற்கு ஒரே வரி: 'மீதி நோட்டில் பெயர் குறைவதை வைத்து.'

எண்ணிக்கொண்டிருந்த மகள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"அம்மா, இங்க வா. கடைசிப் பேரப் பாரு."

அக்கா எட்டிப் பார்த்தார். நாற்பத்திரண்டாவது பெயர். அவர் கையெழுத்து, அவர் மகள் பெயர்.

"உன்ன முன்னாடி விட்டா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கன்னுதாண்டி..."

"தெரியும்மா. ஆனா எழுதியிருக்கன்னு தெரியாது." மகள் அந்தப் பெயரை விரலால் தடவினாள். அக்கா சட்டென்று எழுந்து, கழுவி வைத்திருந்த குழாய்களையே மறுபடியும் கழுவப் போனார்.

முன்மொழிவு போனது. ஒரு மாதம் ஆயிற்று, ஒன்றரை மாதம் ஆயிற்று. அக்கா தபால்காரரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தார். டீச்சர், "மெயில்லதான்க்கா வரும்" என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் மெயிலில்தான் வந்தது. டீச்சர் படித்துவிட்டுப் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் தீப்பிடித்துவிட்டது என்று வரிசையாக வெளியே வந்துவிட்டார்கள். கேட்ட தொகை முழுவதும் அனுமதி! இரண்டு தவணையாக. முதல் தவணைக்குக் கணக்குக் காட்டினால் இரண்டாவது. குழு ஒரு குறிப்பும் எழுதியிருந்தது: 'நோட்டைத் தொடர்ந்து எழுதவும்.' தலைமை ஆசிரியர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அக்கா சிரித்தாரா அழுதாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார் என்பதே உண்மை.

குழாய்க்காரர் வந்தார், மின்பணியாளர் வந்தார், தச்சர் வந்தார். ஒவ்வொருவர் பின்னாலும் அக்கா நிழல் மாதிரி நின்று உயிரை வாங்கினார். தொட்டியில் முதல் தடவையாகத் தண்ணீர் சர்ரென்று இறங்கிய அன்று, அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே நாலு தடவை திறந்து மூடினார். கணவரைக் கூட்டிவந்தும் கேட்க வைத்தார். "இதுக்கா வண்டிய நிறுத்திட்டு வரச் சொன்ன?" என்றவர், தானும் ஒரு தடவை திறந்து பார்த்துக்கொண்டார்.

ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கையில் முதல் வகுப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்பு, ஐம்பத்தாறு பேர். மேசைக்கு நாலு பேர், நாலு பேருக்கு ஒரு நுண்ணோக்கி. அடியில் பெயிண்டில் இந்தப் பள்ளியின் பெயர், அக்காவே எழுதியது. பிள்ளைகள் தாங்களே தோலை உரித்தார்கள். தாங்களே சொட்டு விட்டார்கள். பாதிப் பேர் விரலுக்கும் சேர்த்து அயோடின் பூசிக்கொண்டார்கள். பிறகு ஒரு மேசையிலிருந்து 'ஆ!' என்று சத்தம் வந்தது. அடுத்து இன்னொரு மேசை. அறை முழுக்க ஆ, ஆ என்று ஒரே கூப்பாடு. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மணி அடித்தது. இருபத்து மூன்று வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? அக்கா கையைத் தட்டினார்.

"மணி அடிச்சாச்சு கண்ணுங்களா! மீதிப் பேரெல்லாம்..."

திரும்பிப் பார்த்தார். வரிசையே இல்லை.

"யாரும் மீதி இல்லக்கா!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். "எல்லாரும் பாத்தாச்சு! ரெண்டு தடவ பாத்தாச்சு!"

பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கலகலவென்று வெளியே போனார்கள். அறை காலியானது. வாசலில் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள், பணிமனைச் சீருடையில், கையில் சாப்பாட்டுப் பையோடு.

"ஒருத்தி மீதி இருக்கேன்மா. எடுத்துக்குவீங்களா?"

அக்கா மகளை முதல் மேசைக்கு இழுத்துப்போய் உட்கார வைத்தார். இதை மட்டும் தன் கையால் செய்தார். தோலை உரித்தார், சொட்டு விட்டார், மூடு கண்ணாடியைக் காற்றுக்குமிழ் இல்லாமல் சாய்த்து இறக்கினார். தெளிவு செய்யும் திருகை மட்டும் தொடவில்லை. "நீயே திருகு" என்றார்.

மகள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு குனிந்தாள். பிறகு ஒன்றைத் திறந்தாள். திருகினாள். கொஞ்ச நேரம் அசையவேயில்லை.

"அம்மா! சுவர்ல செங்கல் அடுக்கின மாதிரி இருக்கும்மா! ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு புள்ளி!"

"அதுதாண்டி உட்கரு."

மகள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "பன்னெண்டு வருஷம் ஏழு மாசம் லேட்" என்றாள். "ஆனா வந்து சேந்துடுச்சு."

அக்கா அலமாரியிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தார். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. நாற்பத்திரண்டாவது பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு சரி போட்டார். அப்புறம் சாப்பாட்டுப் பையைப் பிரித்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்துப் புதுத் தொட்டியில் கை கழுவினார்கள்.